எங்கள் ஒளிவிழாப் பாட்டு, அது பட்ட பாடு

ஒளிவிழாவில் பிள்ளைகள் பாடிய நத்தார் பாட்டை அனுப்பச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். பாட்டு கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மற்றப் பாடசாலைகளில் பாட்டு எழுதப் போகிறவர்களுக்கு உதவும்.

எழுத உட்கார்ந்தது நாங்கள் மூன்று பேர். சங்கீத டீச்சர் இந்து, சமயம் படிப்பிக்கும் டீச்சர் கிறிஸ்தவர், இதைத் தட்டச்சு செய்யும் கை முஸ்லிம். பாடப் போகும் நாற்பது பிள்ளைகளும் இந்த மூன்று வீடுகளிலிருந்தும் வருகிறவர்கள். எல்லாரும் லேசாகப் பாடக்கூடிய ஒரு பல்லவி, நடுவில் சின்னச் சின்ன சரணங்கள், அவ்வளவுதான் வேலை என்று நினைத்தோம்.

முதலில் எழுதிய பல்லவி ‘மலையின் மேலே ஒளி வந்ததே’ என்று தொடங்கியது. தாளில் அழகாக இருந்தது. ஆனால் மெட்டில் ஒவ்வொரு அடியின் முதல் சுரமும் இரண்டு மடங்கு நீளம். பிள்ளைகள் அதில் ‘ம’வை இழுத்தார்கள். வராந்தாவில் நின்று கேட்ட அதிபர், “ஏன் மாலையில் வந்தது, ராத்திரியில்தானே பிறந்தார்?” என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை இழுத்தால் சொல் பெரும்பாலும் அதே சொல்லாகவே இருக்கும். தமிழில் இழுத்தால் வேறு சொல்லாகிவிடும். மலை மாலையாகும், விடு வீடாகும், வனம் வானமாகும்.

பிழை பிள்ளைகளிடம் இல்லை, நாங்கள் எழுதியதில்தான். நீளமான சுரத்தில் நெடிலை வைக்க வேண்டும், குறிலைக் குட்டைச் சுரத்தில் விட வேண்டும். மெட்டைக் கைதட்டிப் பார்த்து, நீளும் இடங்களுக்குக் கீழே கோடு போட்டு, அந்த இடத்தில் நெடில் தொடங்கும் சொல்லை மட்டும் தேடினோம். மலை போய் மூடுபனி வந்தது. இப்போது உள்ள பாட்டில் எந்த அடியை எடுத்தாலும் முதல் எழுத்து நெடில்தான். சரிபார்க்க ஒரு லேசான வழி உண்டு. பாட்டைப் பார்க்காத ஒருவரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தால் பாட்டு சரி.

இன்னொரு அடியும் அப்படித்தான் மாட்டியது. ‘தங்க வீடு இல்லையே’ என்று எழுதியிருந்தோம். தரம் 4 பிள்ளை ஒன்று, “சேர், தங்கத்துல வீடு கட்டுவாங்களா?” என்று கேட்டது. சிரித்துவிட்டு, ‘வீடு ஒன்றும் இல்லையே’ என்று மாற்றினோம். லயத்து அறையிலிருந்து வருகிற பிள்ளைகள் அந்த அடியைத்தான் எல்லாவற்றிலும் தெளிவாகப் பாடினார்கள். தமிழ் வேதாகமத்தில் உள்ள ‘முன்னணை’ என்ற சொல்லும் அவர்களுக்கு விளங்கவில்லை. ‘மாட்டுப்பட்டி’ என்றதும் எல்லாக் கையும் உயர்ந்தது.

சுருதியிலும் தடுமாறினோம். தொடக்கத்தில் சினிமாப் பாட்டு உயரத்தில் பிடித்துவிட்டோம். வட்டவளைக் காலைக் குளிரில் தொண்டை திறக்கவே நேரம் எடுக்கும். மேல் சுரம் வரும்போது பிள்ளைகளின் தாடை மேலே போகும், கழுத்து நரம்பு தெரியும், பாட்டு கத்தலாகும். தாடை உயர்ந்தால் சுருதி கூடிவிட்டது என்று அர்த்தம். டீச்சர் ஹார்மோனியத்தில் இரண்டு கட்டை இறக்கினார். பல்லவியை ஆறு சுரங்களுக்குள் அடக்கினார். தகரக் கூரையில் மழை விழுந்தால் மெல்லிய பாட்டு கேட்காது என்பதால், பல்லவியில் ஒரு குரலுக்கு மேல் பிரிக்கவும் இல்லை.

இனி உண்மையான சிக்கல்.

முதல் பல்லவியின் கடைசி அடியில் ‘தேவ மைந்தன்’ என்ற சொல் இருந்தது. ஒரு முஸ்லிம் தகப்பன் பாடசாலை விட்ட பிறகு வந்து, சத்தமில்லாமல், “சேர், புள்ள இத பாடலாமா?” என்று கேட்டார். சண்டைக்கு வரவில்லை. ஈஸா நபியையும் மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களையும் மதிக்கிற வீடு அது. குர்ஆனில் மர்யம் என்ற பெயரிலேயே ஒரு சூரா உண்டு, பேரீச்ச மரத்தடியில் நடந்த அந்தப் பிரசவமும் அதில் உண்டு. ஆனால் நம்பாத ஒன்றைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி.

பயந்துபோய் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ஒளி, அன்பு, சமாதானம் என்று நிரப்பினோம். அதைப் படித்த கிறிஸ்தவ டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க விழாவுல பொறந்த புள்ளையையே காணோமே” என்றார். அதுவும் நியாயம். யாருடைய விழாவோ அவர்களின் கதையை எடுத்துவிட்டு நடத்தினால் அது விழாவில்லை.

வழியைக் காட்டியது பாட்டின் அமைப்புதான். கரோல் என்பது பழைய காலத்தில் ஐரோப்பாவில் வட்டமாகக் கைகோத்து ஆடிய பாட்டு. ஒருவர் சரணம் சொல்ல, மற்ற எல்லாரும் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். 1818 நத்தாருக்கு முதல் இரவு ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃபில் முதன்முதலாகப் பாடப்பட்ட ‘சைலன்ட் நைட்’ பாட்டும் அப்படித்தான். வரிகள் ஜோசப் மோர் என்ற பாதிரியாருடையவை. மெட்டு ஃபிரான்ஸ் குரூபர் என்ற பாடசாலை ஆசிரியருடையது. இரண்டு தனிக் குரல், ஒரு பாடகர் குழு, ஒரு கிட்டார், அவ்வளவுதான். எல்லாரும் எல்லா வரியையும் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே பல்லவியைத் தாலாட்டாக்கினோம். பிறந்த குழந்தை தூங்கப் பாடுவதற்கு எந்த வீட்டிலும் தடையில்லை. முதல் இரண்டு சரணமும் கதை மட்டும், கிறிஸ்தவர்கள் சொல்கிறபடியே. மூன்றாவது சரணத்தில் அவர்களுடைய விசுவாசம் முழுதாக இருக்கிறது. அதை விசுவாசிக்கிற பதினொரு பிள்ளைகள் மட்டும் முன்னால் வந்து பாடினார்கள். மற்றவர்கள் தாளம் போட்டார்கள்.

அந்தத் தகப்பனிடம் தாளைக் கொடுத்தோம். படித்துவிட்டு, “தாளம் போடலாம்தானே” என்றார். விழாவன்று மகன் வரிசையில் நின்று பல்லவி பாடினான், மூன்றாவது சரணத்துக்குக் கைதட்டினான். நாலாவது முறை பல்லவி வந்தபோது சபையும் பாடியது. தகப்பன் பாடவில்லை. அவருடைய விரல் மட்டும் முன் கதிரையின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு இதுதான். திஸ்ர நடை, தகிட தகிட.

பல்லவி (எல்லாரும்)
மூடுபனி நீங்குதே,
லாந்தர் ஏந்தி வாருங்கள்;
மாட்டுப்பட்டி மூலையில்
பாலன் தூங்கப் பாடுங்கள்.

சரணம் 1
தூர தேசம் வந்தவர்க்கு
வீடு ஒன்றும் இல்லையே;
காய்ந்த புல்லின் மீதிலே
தூங்குதந்தப் பிள்ளையே.

சரணம் 2
ஆடு மேய்த்த மக்களும்
வான கீதம் கேட்டனர்;
ஓடி வந்து நின்றனர்,
தாயின் முகம் பார்த்தனர்.

சரணம் 3 (கிறிஸ்தவப் பிள்ளைகள்)
தேவ மைந்தன் தாழ்மையாய்
பூமி வந்த நாளிதே;
ஏழை எங்கள் வாசலில்
ஏற்றி வைப்போம் தீபமே.

வேண்டிய பாடசாலைகள் எடுத்துப் பாடலாம், கேட்கத் தேவையில்லை. சொல்லை மாற்றுகிறீர்களானால் அடியின் முதல் எழுத்து நெடிலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.