இரவுக் காவலர்களின் படிவங்கள்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறது. துவாரகாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பணிபுரியும் பாதுகாவலர்களிடம் மாதவாரியாக எடுக்கப்பட்ட நேர்காணல்களின் எண்ணிக்கை அது. அக்டோபரில் பகல், இரவு இரண்டு முறைப்பணியினரும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கிறார்கள். டிசம்பரில் இரவுப்பணியினரின் கட்டத்தில் 3 என்று இருக்கும். என் நெறியாளர் அதைப் பார்த்துவிட்டு, "குளிரா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அது பொய். ஊக்கக் கோட்பாடுகளைப் படிப்பவள் நான் என்பதால், அந்தப் பொய்யை இங்கேயாவது திருத்தி எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

களப்பணிக்கு ஆறு பேரை அமர்த்தியிருந்தேன். எல்லோரும் காக்ரோலா, பிந்தாபூர் பக்கத்து இளைஞர்கள்; பெரும்பாலோர் பட்டப்படிப்பில் இருந்தவர்கள். ஒரு படிவத்துக்கு 150 ரூபாய்; மாதம் முடிந்ததும் அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் பணம். காவலர்கள் பன்னிரண்டு மணி நேரப் பணியில் இருப்பவர்கள். பகல்காரர்களை வாயிலிலேயே பார்த்துப் பேசிவிடலாம். இரவுக்காரர்களைப் பார்க்க இரவு ஒன்பதரைக்கு மேல் போக வேண்டும். வாகனங்களின் வரத்து குறைந்த பிறகுதான் அவர்களால் உட்கார்ந்து பேச முடியும். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான். திட்டமிடும்போது அந்த வேறுபாட்டை நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் பணம் நவம்பர் 10இல் வரவில்லை. நிதி இருந்தது, பட்டியல் நகரவில்லை. முதலில் வருவாய் முத்திரைத்தலை ஒட்டவில்லை என்று திரும்பி வந்தது. பிறகு ஒருவரின் வங்கிக்கணக்குப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஓரெழுத்து மாறியிருக்கிறது என்று மொத்தக் கட்டும் திரும்பியது. டிசம்பர் தொடக்கத்தில், ஒப்புதல் தந்த குழுவின் கூட்டக் குறிப்பு இணைக்கப்படவில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று ஆறு பேரிடமும் சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

நவம்பர் நடுவில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்தாக இருந்த படிவங்கள் இரண்டாகக் குறைந்தன. முதலில் நின்றவை இரவு நேர்காணல்கள்.

இந்த இடத்தில் கோட்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். விக்டர் வ்ரூம் 1964இல் எழுதிய 'வேலையும் ஊக்கமும்' என்ற நூலில், ஒருவர் ஒரு செயலில் எவ்வளவு முயல்வார் என்பதை மூன்று மதிப்பீடுகளின் பெருக்கலாகப் பார்த்தார். முயன்றால் என்னால் இதைச் செய்ய முடியுமா என்பது எதிர்பார்ப்பு. செய்து முடித்தால் சொன்ன பலன் வந்து சேருமா என்பது கருவித்தன்மை. அந்தப் பலன் எனக்கு எவ்வளவு வேண்டியது என்பது ஈர்ப்பு மதிப்பு. பெருக்கல் என்பதால் மூன்றில் ஒன்று சுழியானால் மற்ற இரண்டும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பயனில்லை. இந்தச் சூத்திரத்தை மாணவர்களுக்குப் பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் என் குழுவில் எந்த உறுப்பு உடைந்தது என்று கண்டுபிடிக்க ஆறு வாரங்கள் ஆயின.

முதலில் எதிர்பார்ப்பைச் சந்தேகித்தேன். இரவுக் காவலர்களிடம் பேசுவது இவர்களுக்குக் கடினமாக இருக்கிறது போலும் என்று எண்ணி, என் வாடகை அறையில் ஒரு ஞாயிறு மறுபயிற்சி வைத்தேன். சமோசா சாப்பிட்டார்கள், மாதிரி நேர்காணல்களை அழகாகச் செய்துகாட்டினார்கள், போனார்கள். ஒன்றும் மாறவில்லை. அடுத்து ஈர்ப்பு மதிப்பு. 150 போதவில்லை என்று முடிவு செய்து, நெறியாளரிடம் மன்றாடி 200 ஆக்கினேன். அந்த வாரம் படிவங்கள் இன்னும் குறைந்தன. கையில் வராத 150ஐ கையில் வராத 200 ஆக்கியிருந்தேன், அவ்வளவுதான். ஆனால் அன்று எனக்கு அவர்கள்மேல்தான் கோபம் வந்தது.

குழுவில் ஒரு தமிழ்ப்பெண் இருந்தாள். பெற்றோர் விழுப்புரத்திலிருந்து வந்து தில்லியில் தங்கிவிட்டவர்கள். செக்டர் 10 மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் நின்று அவளிடம் கேட்டேன். "அக்கா, பணம் வரும்னு நீங்க சொல்றீங்க. ஆனா குடுக்கறது நீங்க இல்லையே" என்றாள். மாலை வேளைகளில் ஒரு கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போவதாகச் சொன்னாள்; இரவு பதினொன்றுக்குக் கையில் பணம். வீட்டில் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. எங்கள் வேலையை அவள் விட்டுவிடவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. பகலில் வழியில் அகப்படும் காவலர்களிடம் இரண்டு படிவம் நிரப்புவாள். ஒருவேளை பணம் வந்தால் இருக்கட்டும் என்று. ஐயம் முயற்சியை ஒரேயடியாக நிறுத்திவிடுவதில்லை. செலவு மிகுந்த பகுதியை முதலில் வெட்டுகிறது.

அன்றிரவு நான் எடுத்துப் படித்தது உதயப்பூர் ஆய்வை. எஸ்தர் டஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீஃபன் ரயன் ஆகிய மூவர் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2003இல் ராஜஸ்தானின் அம்மாவட்டத்தில் தொடங்கியது அது. கட்டுரையாக 2012இல் வந்தது. ஓராசிரியர் பள்ளிகள். ஆசிரியர் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவர் ஒருவரைக் கொண்டு, தேதியும் நேரமும் பதியும் கேமராவில் படம் எடுக்க வேண்டும். மாதம் இருபது நாள் வந்தால் 1000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 50 கூடும். குறைந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 50 கழியும். ஆனால் 500க்குக் கீழே போகாது. கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாள்கள் 42 விழுக்காடு; கேமரா உள்ள பள்ளிகளில் 21.

பலரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியாகக் குறைந்த கணக்கை. எனக்கு முக்கியமாகப் பட்டது உள்ளே இருக்கும் சிறிய ஓர் ஒப்பீடு. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் ஆறு நாள் மட்டுமே வந்திருக்கும் ஓர் ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். மீதி இரண்டு நாளும் வந்தாலும் எட்டு நாள்தான் ஆகும், 500தான் கிடைக்கும். வராவிட்டாலும் அதே 500. அவருக்கு அந்த இரண்டு நாள்களில் வருகைக்கும் கூலிக்கும் இடையிலான கயிறு அறுந்துவிட்டது. விடிந்தால் முதல் தேதி. கணக்கு புதிதாகத் தொடங்குகிறது, கயிறு மீண்டும் கட்டப்படுகிறது. இத்தகைய ஆசிரியர்கள் மாதக் கடைசியில் குறைவாக வந்தார்கள், முதல் தேதியன்று வருகை சட்டென்று உயர்ந்தது. ஏற்கெனவே போதிய நாள் வந்திருந்த ஆசிரியர்களிடம் அந்தத் தாவல் இல்லை. அதே மனிதர், அதே பள்ளி, அதே 50 ரூபாய். ஓரிரவில் அவருடைய திறமையோ பணத்தேவையோ மாறியிருக்க முடியாது.

இவ்வகை ஒப்பீடு இந்தக் கோட்பாட்டுக்கு மிகவும் தேவை. வ்ரூம் பேசியது ஒரே மனிதர் தம் முன்னுள்ள செயல்களில் எதைத் தேர்கிறார் என்பதை. பின்வந்த ஆய்வாளர்கள் பலர் வெவ்வேறு மனிதர்களின் மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். 1996இல் வான் ஏர்டேயும் தியரியும் 77 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே மனிதருக்குள் செய்த ஒப்பீடுகளில்தான் தொடர்பு வலுவாக இருந்தது. பெருக்கல் சூத்திரம், தனித்தனி உறுப்புகளைவிடச் சிறப்பாக எதையும் முன்னுரைக்கவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே மனிதர் மனத்தில் பெருக்கல் கணக்குப் போடுகிறார் என்று நான் இப்போது சொல்வதில்லை. விழாவில் பரிமாறுவதா, காவலரைத் தேடிப் போவதா என்று அந்தப் பெண் தேர்ந்தாள் என்று மட்டுமே சொல்வேன்.

உதயப்பூரின் ஆசிரியர்கள் கயிறு அறுந்ததை உறுதியாக அறிந்தவர்கள். ஐயம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதே மாவட்டத்தின் செவிலியர் கதை இருக்கிறது. பானர்ஜி, டஃப்லோ, கிளென்னர்ஸ்டர் மூவரும் 2008இல் வெளியிட்டது. துணை சுகாதார நிலையங்களில் நேரம் பதியும் இயந்திரம் வைத்து, குறித்த நாள்களில் பாதிக்கு மேல் வராத செவிலியருக்கு ஊதியம் பிடிக்கப்படும் என்று மாவட்டச் சுகாதார நிர்வாகம் அறிவித்தது. தொடக்க மாதங்களில் வருகை நன்றாக உயர்ந்தது. பதினாறு மாதங்களுக்குப் பிறகு, இயந்திரம் வைத்த நிலையத்துக்கும் வைக்காததற்கும் வேறுபாடே இல்லை. இயந்திரங்கள் அங்கேயே இருந்தன. விதியை யாரும் நீக்கவில்லை. கூட்டம், கணக்கெடுப்பு என்று 'விலக்கு நாள்கள்' பதிவேட்டில் பெருகின, ஊதியம் பிடிபடவில்லை. சொன்னது நடக்காது என்பதைச் செவிலியர்கள் மாதச் சம்பளச் சீட்டிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். தண்டனையாக இருந்தாலும் வெகுமதியாக இருந்தாலும் நம்பிக்கை சுவரில் ஒட்டிய சுற்றறிக்கையிலிருந்து வருவதில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் என் சேமிப்பிலிருந்து எடுத்துப் பழைய பாக்கியைக் கொடுத்துவிட்டேன். கூலியை மீண்டும் 150க்கே இறக்கினேன். அதற்கு நெறியாளரே வியந்தார். மாறாகப் பணம் சனிக்கிழமை மாலை, அவர்கள் எதிரிலேயே, கைப்பேசியில் அனுப்பப்படும் என்றேன். முதல் சனிக்கிழமைக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமைக்குப் பிறகு ஏழு இரவு நேர்காணல்கள் வந்தன, தில்லியின் மிகக் குளிர்ந்த வாரத்தில். மாத இறுதிக்குள் அக்டோபர் அளவை நெருங்கிவிட்டோம். ஆறு பேரில் ஒருவர் மட்டும் திரும்பவே இல்லை. பாக்கிப் பணம் வந்ததும் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார், அவ்வளவே.

டிசம்பர்த் தரவைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. இரவுப்பணியினர் குறைவாக இருப்பதற்கான காரணத்தை இயலின் முறையியல் பகுதியில் இரண்டு பத்திகளாக எழுதிச் சேர்த்திருக்கிறேன். நெறியாளருக்கும் நேற்று அனுப்பிவிட்டேன்.

சென்ற வாரம் அந்தப் பெண்ணைத் துவாரகா மோட் பக்கம் பார்த்தேன். "அக்கா, நீங்க போட்ட பணம் உங்களுக்குத் திரும்ப வந்துச்சா?" என்று கேட்டாள். முதல் பட்டியலுக்குரிய பாதி வந்தது என்றேன். மீதிக்கான வவுச்சர்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பிப்ரவரியிலிருந்து நான் அவற்றைக் கணக்குப் பிரிவுக்கு எடுத்துச் செல்லவில்லை.