எந்த ஸ்பூன்?

"ஒரு ஸ்பூன் கொடு" என்பார்கள். எந்த ஸ்பூன், எந்த பாட்டில் என்று கேட்பவள் மட்டும் படித்த திமிர் பிடித்தவள்.

மகள் அப்போது 10 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்றார் மருத்துவர், ஆக 150. ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள மருந்தானால் அது 3 மில்லி. 125 உள்ளதானால் 6 மில்லி. பாட்டில் மாறினால் ஸ்பூன் கணக்கு பொய்த்துவிடும்.

ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். துப்பினாள். எவ்வளவு என்று சட்டைக் கறை சொல்லாது.

"இன்னொரு தடவை ஊத்தும்மா" என்றார் மாமியார்.

மொத்தமும் உடனே வெளியே வந்திருந்தால் மறுபடி கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டிருப்பேன். பாதி உள்ளே போயிருந்தால் அளவு மீறும். மிஞ்சிய பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். "அடுத்த வேளை ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் அத்தை" என்றேன்.

அன்றிரவு இருவருமே தூங்கவில்லை.