தேய்ராவுக்கு ஒரு பதில் கடிதம்

22 ஜூன் 2025, ஞாயிறு
அக்கா மகன் துபாயிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். தேய்ராவில் அவன் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அரபியில் எழுதிய வாடகை அறிவிப்பு. சாய்த்துப் பிடித்து எடுத்த படம், ஓரம் மங்கல். "மாமா, 56,000 திர்ஹாம் இருந்ததை 70,000 ஆக்கிட்டாரு. என்ன பண்றது?" என்று குரல் நடுங்கக் கேட்டான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். 70 இல்லை, 65. அரபி எழுத்தில் ஆறு நம்முடைய 7 போலவும் ஐந்து சிறு வட்டமாகவும் இருக்கும். பூஜ்யமோ வெறும் புள்ளி. தேய்ராவில் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்தக் குழப்பத்தோடு வந்தவர்கள் பலர். புள்ளியா தூசியா என்று தெரியாத இடத்தில் எழுத்தால் எழுதிய தொகையைத்தான் நம்ப வேண்டும். கீழே 'அறுபத்தைந்தாயிரம்' என்று எழுத்தாலும் இருந்தது. அப்பாடா.

23 ஜூன்
ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். எஜாரியில் பதிவானது, செப்டம்பர் 14 அன்று முடிகிறது. துபாயின் 2007ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் 2008இல் வந்த திருத்தமும் சொல்வது இது: வாடகை உட்பட எந்த நிபந்தனையை மாற்றினாலும், ஒப்பந்தம் முடிய 90 நாளுக்குக் குறையாமல் மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. அப்படி ஏதும் இணைப்பில் இருக்கிறதா என்று வரி வரியாகப் படித்தேன். இல்லை.

கணக்குப்படி ஜூன் 16 கடைசி நாள். அறிவிப்பின் தலையில் ஜூன் 12 என்று தேதி. அதை மட்டும் பார்த்தால் அவர் பக்கம் சரி. ஆனால் கட்டடக் காவலாளி அவனுக்குப் படமாக அனுப்பியது 22ஆம் தேதி; கையில் 84 நாள்தான் மிச்சம். அந்த வாட்ஸப் செய்தியை அழிக்காதே, தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை என்றேன்.

"படத்துல அனுப்பினா செல்லாதுன்னு எழுதிடலாமா மாமா?"

வேண்டாம் என்றேன். நோட்டரி அல்லது பதிவுத் தபால் என்று சட்டம் வற்புறுத்துவது ஒப்பந்தம் முடிந்தபின் காலி செய்யச் சொல்லும் அறிவிப்புக்கு. வாடகை மாற்றத்துக்கும் அதையே பிடித்துத் தொங்கினால் நல்ல வாதமும் கெட்டுப் போகும்.

24 ஜூன்
நிலத்துறையின் ஸ்மார்ட் வாடகைக் குறியீட்டில் கட்டட விவரம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். இதே போன்ற வீட்டுக்குச் சராசரி 62,000 என்று வந்ததாம். 56,000 அதைவிட 6,000 குறைவு. பத்து விழுக்காட்டுக்குச் சற்று உள்ளேதான். 2013ஆம் ஆண்டு 43ஆம் ஆணைப்படி, பத்து வரை குறைந்திருந்தால் உயர்வே கிடையாது. 11 முதல் 20 வரை குறைந்திருந்தால் 5 விழுக்காடு ஏற்றலாம். அப்படியே படிப்படியாகப் போய் 40ஐத் தாண்டினால்தான் 20. இவர் கேட்பது 16 விழுக்காடு உயர்வு.

இரவு அரபியில் கடிதம் எழுதினேன். பையனுக்குக் கோபம், 'சட்டவிரோதம்' என்று எழுதச் சொன்னான். நான் எழுதவில்லை. உரிமையாளர் வயதானவர், அரபி மட்டுமே படிப்பார். ஐந்து வருடமாக ஒரு செக்கும் அவர் முன்கூட்டிப் போட்டதில்லை. நாளைக்கு வழக்கென்று வந்தாலும் வாடகைத் தகராறு மையத்தில் வேலை நடப்பது அரபியில். இந்தத் தாள் அங்கேயும் நிற்க வேண்டும்.

'அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்காத்துஹு' என்று தொடங்கி, பெயரோடு 'அல்முஹ்தரம்' சேர்த்து, உடல்நலம் விசாரித்தேன். பிறகு விஷயம்:

"ஜூன் 12 தேதியிட்ட தங்கள் அறிவிப்பு, ஜூன் 22 அன்று வாட்ஸப் வழியே படமாக எனக்குக் கிடைத்தது. ஒப்பந்தம் செப்டம்பர் 14 அன்று முடிகிறது. வாடகை மாற்றத்துக்கான 90 நாள் அவகாசம் இதில் நிறையவில்லை என்பதைப் பணிவுடன் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நிலத்துறைக் குறியீட்டின் முடிவையும் இணைத்துள்ளேன். இப்போதைய 56,000 திர்ஹாமிலேயே புதுப்பிக்க விரும்புகிறேன். நான்கு செக்குகளும் தயார். தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்."

கிடைத்த தேதியை முதல் வரியில் வைத்தது வேண்டுமென்றே. அவர் பதில் எழுதினால் அந்தத் தேதியைத் தொட்டுத்தான் எழுத வேண்டும். 'யோசித்துச் சொல்கிறேன்' போன்ற ஒரு வார்த்தையும் வைக்கவில்லை. பாதிச் சம்மதம் என்று படிக்க இடம் கொடுத்துவிடும்.

25 ஜூன்
அச்செடுத்துக் கையெழுத்திட்டு நேரில் ஒரு பிரதி, அதையே பிடிஎஃப்பாக அவர் எண்ணுக்கு ஒன்று. வாங்கியதற்குக் காவலாளியிடம் கையெழுத்து.

 

30 ஜூன்
பெரியவர் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். பையன் அதை எனக்கு அனுப்பினான். சலாம் சொல்லி, பிள்ளைகள் நலமா என்று கேட்டு, இந்த வருடம் பழைய வாடகையே இருக்கட்டும், அடுத்த வருடம் நேரத்தோடு எழுதுகிறேன் என்கிறார். அவர் அப்படி எழுதலாம். அன்றைய குறியீடு என்ன காட்டுகிறதோ அதுதான் அப்போது எல்லை.

குரல் செய்தி போதாது, செக் கொடுக்கும் அன்றே 56,000 என்று எண்ணாலும் எழுத்தாலும் புது ஒப்பந்தம் எழுதி எஜாரியில் பதியச் சொன்னேன். போகும்போது பெரியவருக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிப் போ என்றேன். "அதை நீங்க சொல்லணுமா மாமா, அக்கம்பக்கம் எல்லாருக்கும் சேர்த்தே வாங்கிட்டேன்" என்றான்.