நிபந்தனைக் கடிதமும் உதவித்தொகையும்

வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவது என் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. பிரிட்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததும், "அக்கா, இடம் கிடைச்சிருச்சு" என்று போன் செய்வார்கள். நான் முதலில் கேட்பது: "கண்டிஷனலா, அன்கண்டிஷனலா?"

காரணம் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதத்தைத்தான் கேட்கிறது. "ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் தந்தால் இடம் உறுதி" என்ற கடிதம் கைக்கு வந்தாலும், அந்த நிபந்தனை நீங்கும்வரை உதவித்தொகைக்கு அது செல்லாது.

கடந்த ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இந்த இடத்தில்தான் மாட்டினார். இளங்கலை தமிழ் வழி, முதுகலை ஆங்கில வழி. ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு கேட்டார். சில பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணை வைத்து விலக்கு தருகின்றன. ஆனால் சிபிஎஸ்இ மாணவருக்கு ஒரு கட்-ஆஃப், மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு அதைவிடக் கூடுதல் என்று வைத்திருப்பவையும் உண்டு. பயிற்றுமொழிச் சான்றிதழ் இன்னொரு வழி. தம்பியின் கல்லூரி அதைக் கொடுத்தது, பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. தமிழ் வழியில் படித்தவனுக்குத்தான் விலக்கின் கதவு முதலில் மூடுகிறது.

17,000 ரூபாய்க்கு மேல் கட்டித் தேர்வு எழுதினார். கேட்டலில் 7, வாசிப்பில் 7, பேச்சில் 6.5, எழுத்தில் 5.5. மொத்தம் 6.5. கேட்டதும் 6.5தான். ஆனால் கடிதத்தின் அடுத்த வரி, எந்தப் பிரிவிலும் 6-க்குக் கீழ் போகக் கூடாது என்றது. அரை மதிப்பெண்ணில் நிபந்தனை அப்படியே நின்றது.

பல்கலைக்கழகம் கோடைக்கால ஆங்கில வகுப்பு ஒன்றைச் சொன்னது. அதற்குத் தனிக் கட்டணம். அதை முடிக்கும்வரை கடிதம் நிபந்தனையோடுதான் இருக்கும். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அதுவரை காத்திருக்காது. ஏஜென்ட் ஒருவர் ஃபவுண்டேஷன் ஆண்டில் சேரச் சொன்னார். அது இளங்கலைக்கு முந்தைய படிப்பு. இந்த உதவித்தொகையோ முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும்.

மிஞ்சியது ஒரே வழி. ஐஇஎல்டிஎஸ்ஸில் கணினியில் எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை என்பதால் முதலில் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்துபூர்வமாகப் பதில் வாங்கினோம். எழுத்தில் 6.5 வந்தது. இரண்டு வாரத்தில் கடிதம் மாறியது.

எனவே தோழர்களே, விண்ணப்பிக்கும் முன்பே பல்கலைக்கழகத்திடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட ஆங்கில மதிப்பெண்ணை ஏற்பீர்களா, எவ்வளவு வேண்டும்? முதுகலை மட்டும் ஆங்கில வழியில் படித்திருந்தால் பயிற்றுமொழிச் சான்றிதழ் போதுமா? ஒரு பிரிவு மறுதேர்வை ஏற்பீர்களா? மூன்றுக்கும் இல்லை என்று வந்தால், உதவித்தொகையின் கடைசி நாளுக்கு நான்கு மாதம் முன்பே தேர்வை எழுதிவிடுங்கள்.