யூரின் கல்ச்சர் அறிக்கை: 21 மில்லிமீட்டரின் கதை

யூரின் கல்ச்சர் அறிக்கையில் மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே ‘சென்சிடிவ்’ அல்லது ‘ரெசிஸ்டன்ட்’ என்று இருக்கும். அந்தத் தீர்ப்பு எங்கே பிறக்கிறது என்று பின்னோக்கித் தேடினால், தடம் சிறுநீர் பிடித்த டப்பாவில் தொடங்குகிறது.

முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். மீமிசலில் பிடித்ததை அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ அனுப்புவதானால் ஐஸ் வைத்த பெட்டி அவசியம். வழியில் சூடு பட்டால், தோலிலிருந்து கலந்த சில கிருமிகளும் பெருகி, நோய்த்தொற்று போலத் தோற்றம் காட்டும். பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்ததாக அறிக்கை வந்தால், பெரும்பாலும் மாதிரிதான் பழுது. மறுபடி கொடுப்பதே சரி.

ஆய்வகத்தில், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே எடுக்கும் வளையக்கம்பியால் சிறுநீரைத் தட்டில் இழுப்பார்கள். மறுநாள் 100 புள்ளிகள் முளைத்தால், மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் கிருமிகள் என்று கணக்கு.

அடுத்தது மருந்துச் சோதனை. வளர்ந்த கிருமியை, ஈ.கோலை என்று வைத்துக்கொள்வோம், வேறொரு தட்டில் சீராகப் பரப்பி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை வைப்பார்கள். மருந்து அடக்கிய தூரம்வரை கிருமி வளராமல் தெளிந்த வட்டம் விழும். அதன் விட்டத்தை ஸ்கேலால் அளப்பார்கள். இம்முறையை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாவர், கிர்பி உள்ளிட்டோர் 1966-இல் வரையறுத்தனர்.

வட்டத்தின் அளவு மட்டும் தீர்ப்பாகாது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 21 மி.மீ., நைட்ரோஃபுரன்டாயினுக்கு 18 மி.மீ. வந்தால், அமெரிக்கத் தர அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. அட்டவணைப்படி முன்னது ரெசிஸ்டன்ட், பின்னது சென்சிடிவ். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. வழக்கமான அளவில் கொடுத்தால் மருந்து உடலில் எவ்வளவு சேரும், எப்படிப்பட்ட கிருமி அதற்கு அடங்கியது என்பதைப் பார்த்துதான் அந்த எல்லை வைக்கப்படுகிறது. புதிய சான்றுகள் வந்தால் அது நகரும். 2019-க்கு முன் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அதே 21 மி.மீ. சென்சிடிவ்தான்!

ஆகவே ரெசிஸ்டன்ட் என்றால், வழக்கமான அளவு மருந்துக்கு அந்தக் கிருமி அடங்க வாய்ப்பு மிகக் குறைவு என்று பொருள். எதிர்ப்பது கிருமி, நோயாளியின் உடம்பு அல்ல. அடுத்த முறை வேறு கிருமி தொற்றினால் அதே மருந்து கேட்கலாம்.

சென்சிடிவ் என்பதற்கும் வரம்பு உண்டு. நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீர்ப்பையில் நன்றாகச் சேரும். சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. குளிர்காய்ச்சலும் விலாவலியுமாகத் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருந்தால், அறிக்கையில் சென்சிடிவ் என்றிருந்தாலும் அது உதவாது. அதனால் அறிக்கையைப் பார்த்து மருந்துக்கடையில் நேராக மாத்திரை வாங்காதீர்கள். பழைய அறிக்கைகளையும் சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.