ஒரு பந்திக்குள் ஒரு வகுப்பறை

விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கும் இளையவர்கள் தங்கள் கற்பித்தல் மெய்யியலை எழுதிக்கொண்டு வந்து காட்டும்போது, முதல் வரி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலில் தமக்கு நம்பிக்கை உண்டு என்பார்கள். அடுத்த வரியில் ஒவ்வொரு மாணவரும் தனித்துவமானவர் என்று வரும். இரண்டும் உண்மைதான். ஆனால் எழுதியவர் எந்த அறையில், யாருக்கு, எதைப் படிப்பித்தார் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஒலுவிலில் படிப்பித்தவரும் மெல்பேர்னில் படிப்பித்தவரும் ஒரே பந்தியைக் கொடுக்கலாம் என்றால், தெரிவுக்குழு அதை வைத்து யாரைத் தெரிவு செய்வது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இந்தப் பந்தியைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நம் நாட்டு விண்ணப்பப் படிவம் எப்போதும் கேட்பதில்லை. என்றாலும், வகுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்ற கேள்வி நேர்முகப் பரீட்சையில் வராமல் இருக்காது. பந்தியை ஒழுங்காக எழுதியவரிடம் அதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கும்.

மருதமுனையைச் சேர்ந்த ஒரு பிள்ளை கொண்டுவந்த பந்தியை எடுத்துக்கொள்கிறேன். தற்காலிக உதவி விரிவுரையாளராக இரண்டாம் வருடத்தாருக்குக் கிரயக் கணக்கியல் பயிற்சி வகுப்புகள் எடுத்தவர். அவருடைய முதல் வரைவிலும் அதே இரண்டு வரிகள்தான். “மகள், உங்கட வகுப்பில பிள்ளைகள் எங்க தடுக்கி விழுறாங்க?” என்று கேட்டேன். யோசிக்காமலே பதில் வந்தது: “கணக்கைச் செய்வாங்க சேர். ஏன் அப்படி வந்த எண்டு கேட்டா பேனைய வெச்சிடுவாங்க.”

பந்தி அங்கேதான் தொடங்குகிறது. அவர் வகுப்பில் கொடுத்த கணக்கு ஊர்க் கைத்தறியைப் பற்றியது. தறி வைத்திருப்பவருக்கு மாதம் 24,000 ரூபாய் நிலையான கிரயம். ஒரு சாரன் 2,000 ரூபாய்க்குப் போகிறது. நூல், சாயம், கூலி என்று ஒரு சாரனுக்கு 1,400 ரூபாய் மாறும் கிரயம். மிஞ்சும் பங்களிப்பு 600. 24,000ஐ 600ஆல் வகுத்தால் 40. மாதம் நாற்பது சாரன் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதை வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் செய்துவிடுவார்கள். நூல் விலை ஏறி ஒரு சாரனுக்கு 100 ரூபாய் கூடினால் என்ன நடக்கும், ஏன் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்றதும் அறை அமைதியாகிவிடும். பங்களிப்பு 500 ஆகிறது, ஆகவே 48 சாரன் விற்க வேண்டும். விடை அவ்வளவுதான். ஆனால் உயர்தரம் வரை தாய்மொழியில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்குள் வந்த பிள்ளைக்கு இங்கே இரண்டு தடைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்று கருத்து விளங்காதது, மற்றது விளங்கியதைச் சொல்ல மொழி வராதது. விடைத்தாளில் இரண்டும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும்.

அவர் செய்த மாற்றம் சிறியது. கணிப்பானைத் தொடுவதற்கு முன், விடை கூடுமா குறையுமா என்று ஊகித்து, காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். முதல் சில வாரங்கள் தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம், பிறகு ஆங்கிலத்தில். இதனால் இரண்டு தடைகளும் பிரிந்து தெரிந்தன. தாய்மொழியிலேயே காரணம் பிழைத்தவருக்குக் கருத்தில் சிக்கல். தாய்மொழியில் சரியாக எழுதி ஆங்கிலத்தில் நின்றுபோனவருக்குச் சொற்களில் சிக்கல். இவ்வளவு நல்ல விடயத்தைப் பற்றி அவருடைய முதல் வரைவில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அது மெய்யியல் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜோன் பிக்ஸ் 1996இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த கருத்து இதற்கு உதவும். மாணவர் எதைச் செய்யக்கூடியவராக வேண்டும் என்ற கற்றல் பேறு, அதற்காக வகுப்பில் செய்யும் வேலை, அதை அளக்கும் மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே வினைச்சொல்லைச் சுற்றி நிற்க வேண்டும். பேறு ‘விளக்குவார்’ என்று சொல்லும்போது பரீட்சை ‘கணிக்குக’ என்று மட்டும் கேட்டால், சித்தி வீதம் உயர்ந்தாலும் விளக்கத் தெரிந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது. சித்தி வீதத்தைப் பெருமையாகப் பந்தியில் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு வருடத்துப் பிள்ளைகளும் அடுத்த வருடத்துப் பிள்ளைகளும் வேறு ஆட்கள், வினாத்தாளும் வேறு. அந்த இரண்டு வீதங்களுக்கு இடையிலான தூரத்தை ஒரு விரிவுரையாளரின் கணக்கில் எழுத முடியாது.

அதனால் தவணையின் தொடக்கத்தில் கொடுத்ததற்குச் சமமான கேள்வியைத் தவணை முடிவிலும் கொடுத்து, விளக்கத்தை மட்டும் பார்ப்பது நல்லது. அதிலும் ஒரு குழி இருக்கிறது. எண்களை விளங்கவைப்பதற்காக நானே போடுகிறேன். முதல் தாளை 60 பேர் எழுதி 21 பேர் சரியாக விளக்கினார்கள் என்று வையுங்கள், 35 வீதம். கடைசித் தாளுக்கு 48 பேர்தான் வந்தார்கள், 24 பேர் சரி, 50 வீதம். பதினைந்து வீதம் முன்னேற்றம் என்று எழுதக் கை துடிக்கும். ஆனால் வராமல் போன 12 பேரில் 11 பேர் முதல் தாளிலேயே பிழைவிட்டவர்கள். இரண்டையும் எழுதிய அதே 48 பேரை மட்டும் எடுத்தால், முதலில் 20 பேர், பிறகு 24 பேர். கூடியது நான்கு பேர். மற்ற உயர்வெல்லாம் வராதவர்கள் தந்தது.

இப்படி அதே பிள்ளைகளை எண்ணி வரும் சிறிய எண்ணையே எழுதச் சொன்னேன். அவருக்குத் தயக்கம். “நாலஞ்சு பேர் எண்டா குறைவா நினைக்க மாட்டாங்களா சேர்?” நான் அப்படி நினைக்கவில்லை. குழுவில் இருப்பவர்களும் வகுப்பெடுப்பவர்கள்தான். ஒரு தவணையில் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று படித்தால் அவர்களுக்கு நம்பிக்கை வராது. யாரை எண்ணினேன், எதை எண்ணினேன் என்று சொல்லும் சிறிய எண்ணுக்கு ஒரு எடை உண்டு.

பந்தி இப்படி வந்தது. அவருடைய எண்களின் இடத்தில் நான் மேலே போட்டவற்றையே வைத்திருக்கிறேன்:

‘என் மாணவர்கள் இலாப நட்டமற்ற புள்ளியைக் கணித்தார்கள், அது ஏன் மாறுகிறது என்று விளக்க முடியவில்லை. ஆகவே கணிக்கும் முன் ஊகத்தையும் காரணத்தையும் ஒரு வரியில், முதலில் தாய்மொழியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் எழுதவைத்தேன். தவணையின் தொடக்கத்திலும் முடிவிலும் சமமான கேள்விக்கு விடையளித்த 48 பேரில், சரியாக விளக்கியவர்கள் 20இலிருந்து 24 ஆயினர். இந்த உயர்வு முழுவதும் என் முறையால் வந்தது என்று சொல்லமாட்டேன். அதே தவணையில் அவர்கள் ஆங்கில வகுப்புக்கும் போனார்கள். இன்னும் விளக்க முடியாதவர்களின் தாள்களைக் கருத்துப் பிழை, மொழித் தடை என்று பிரித்து வைத்திருக்கிறேன். அடுத்த தவணை அந்தப் பிரிவிலிருந்து தொடங்கும்.’

கடைசி இரண்டு வரிகளை அவராகவே சேர்த்தார். குழு பிடித்துக்கொள்ளப்போகும் இடம் அதுதான்: மிச்சப் பேருக்கு என்ன செய்வீர்கள்? கருத்தில் பிழைத்தவர்களுக்குத் தறிக்காரரின் கணக்கையே வேறு விலைகளில் தாய்மொழியில் இன்னும் கொஞ்சம் கொடுப்பதாகவும், மொழியில் நின்றவர்களுக்குப் பாதி எழுதிய ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்துக் காரணத்தை நிரப்பவைப்பதாகவும் முடிவெடுத்து, இரண்டுக்கும் ஒவ்வொரு பயிற்சித் தாளைத் தயார் செய்து கோப்பில் வைத்துக்கொண்டுதான் அவர் நேர்முகப் பரீட்சைக்குப் போனார்.