கலியாணக் காட்டின் ஓரத்துண்டு

புறக்கோட்டை மலிபன் வீதியில் கடதாசி வெட்டும் கடை ஒன்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் வெள்ளவத்தை நண்பர். அவருடைய மகள் உயர்தரம் எழுதப்போகிறாள். "கெமிஸ்ட்ரி மாஸ்டர் ஒருத்தர் கேள்விக் காட் செய்யிறார், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடையின் பின்பக்கம் வெட்டும் மெசினில் நின்ற நானா, மட்டைக் கட்டைத் தட்டிச் சமன்செய்து உள்ளே தள்ளினார். அளவு பிடிக்கிற விதம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, கீழே விழுந்த ஓரத்துண்டுகள்தான். கலியாணக் காட் வெட்டி மிஞ்சியவை, இரண்டு விரல் அகலம். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள், நினைவிருக்கும். அந்த நாட்களில் மாஸ்டர் இந்தத் துண்டுகளைத்தான் நானாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"அதில நாலு வரி எழுத இடமில்லை. எழுத ஏலாமல் போனதாலதான் என்ர பிழை எனக்குத் தெரிஞ்சது" என்றார் மாஸ்டர்.

பழைய பெரிய காட் ஒன்றை எடுத்துக் காட்டினார். முன்பக்கம்: 'செப்பு சல்பேற்றுக் கரைசலுக்கு அமோனியா சேர்த்தால் என்ன நடக்கும்?' பின்பக்கம் ஒரு பந்தி. ஒரு மாணவி 'நீலமாகும்' என்று சொன்னாளாம். அது சரியா, பிழையா? சில துளி விட்டால் வருவது வெளிர்நீல வீழ்படிவு. மிகையாக விட்டால் அது கரைந்து கடும்நீலக் கரைசலாகும். அவள் எதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "அரைவாசி சரி என்று வாயில வந்தால், அந்தக் காட்டை வெட்ட வேணும்."

இப்போது அது ஐந்து துண்டு. சில துளி ஐதான அமோனியா விட்டால் என்ன தெரியும்? அந்த வீழ்படிவு எது? `Cu(OH)₂`. அதற்கு வேண்டிய ஐதரொட்சைட்டு அயன் எங்கிருந்து வந்தது? அமோனியா நீருடன் தாக்கமடைந்து. மிகையாக விட்டால் என்ன தெரியும்? கடும்நீலத்துக்குக் காரணமான அயன் எது? `[Cu(NH₃)₄]²⁺`. மாணவி தடுக்கி விழுந்தது மூன்றாவதில் மட்டும். பெரிய காட்டில் அது தெரிந்திருக்காது.

துண்டாக்கினால் மட்டும் போதாது என்பதற்கும் அவரிடம் ஓர் உதாரணம் இருந்தது. `Zn²⁺`, `Al³⁺` இரண்டும் வெண்ணிற வீழ்படிவு தரும். சோடியம் ஐதரொட்சைட்டை மிகையாக விட்டால் இரண்டுமே கரையும். மிகையான அமோனியாவில் நாகத்தினது மட்டும் கரையும். 'அலுமினியம் ஐதரொட்சைட்டு மிகை அமோனியாவில் கரையுமா?' என்று முதலில் கேட்டிருக்கிறார். ஆம், இல்லை என்றால் பாதிப் பேர் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பிறகு மாற்றினார்: 'இரண்டு குழாயிலும் வெண் வீழ்படிவு. ஒன்று நாகம், மற்றது அலுமினியம். எதை மிகையாக விட்டால் பிரித்தறியலாம்?' ஏன் என்பதற்கு வேறு துண்டு.

காட்டுகள் மூன்று அறைப் பெட்டியில் கிடக்கின்றன. சரியாகச் சொன்னது அடுத்த அறைக்கு, பிழைத்தது முதல் அறைக்கு. செபஸ்டியன் லைட்னர் 1972இல் எழுதிய முறைதான். நாலு தரம் முதல் அறைக்குத் திரும்பி வந்த காட்டை மாஸ்டர் தனியே எடுத்து வைக்கிறார். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் காட்டைப் பார்ப்பாராம். பெரும்பாலும் உள்ளே இரண்டு கேள்வி ஒளிந்திருக்கும். மூல் கணக்கை மட்டும் அவர் காட்டில் ஏற்றுவதில்லை. அது கொப்பியில் போட்டுப் பழகவேண்டிய சங்கதி.

கையெழுத்து அச்சுக்கு மாறியபோது ஒரு கூத்து நடந்திருக்கிறது. ஏ4 மட்டையில் எட்டுக் காட். தாளைப் புரட்டும்போது இடது நிரல் வலதாகிவிடும், ஆகவே பதில் பக்கத்தை நிரல் மாற்றி அடுக்கவேண்டும். அடுக்கவில்லை. செப்பின் கேள்விக்குப் பின்னால் வெள்ளியின் பதில். நூறு தாளும் வெட்டி முடித்த பிறகு நானாதான் கண்டுபிடித்தார். அவருக்கு இரசாயனம் தெரியாது. இரு பக்க மூலையிலும் இருந்த எண் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் இருவருக்கும் கிடைப்பது வெட்டுக்கூலியும் மட்டைக் காசும். ஆனால் இதே காட்டை வாங்கிப் பிரதியெடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மட்டை மிச்சம் பிடிக்க மூன்று கேள்வியை ஒன்றாக்கி விடுகிறார்கள். திருடினால் திருடட்டும், வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாஸ்டரின் ஒரு வருட வேலையே அந்த வெட்டுதான்.

தெருவோரத்தில் காட் வாங்குகிறவர்கள் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பதிலுக்குள் 'மேலும்' என்று ஒரு சொல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.